டிரம் லெவல் லூப் LIC-101: இரவு ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பு

செவ்வாய் இரவு 22:00 முதல் புதன் காலை 06:00 வரை. இரவு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் எழுதுவது, காலை ஷிப்ட் அண்ணாவுக்கு.

அண்ணா, வந்ததும் முதலில் இதைப் படியுங்கள். டிரம் லெவலை அளக்கும் A, B, C மூன்று டிரான்ஸ்மிட்டரில் LT-101A இப்போது சர்வீஸில் இல்லை. லெவல் கன்ட்ரோல் LT-101B-யில் ஓடுகிறது. 101A-க்கு டிரிப் பைபாஸ் சாவி போட்டிருக்கிறேன், ஷிப்ட் இன்சார்ஜ் கையெழுத்துடன், மாலை 15:30 வரை மட்டும் அனுமதி. பைபாஸ் இருக்கும் வரை நம் லாஜிக்கில் மூன்றில் இரண்டு என்பது போய், B அல்லது C இரண்டில் ஏதாவது ஒன்று லோ-லோவுக்கு, அதாவது −200 மி.மீ.-க்குக் கீழே, போனாலே பாய்லர் டிரிப் ஆகும். அதனால் B, C இரண்டின் பக்கமும் யாரும் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மேனிஃபோல்டு துடைக்கக்கூட வேண்டாம். இரண்டின் மீதும் சிவப்பு டேக் கட்டியிருக்கிறேன்.

இரவில் பாய்லர் இரண்டு முறை லோ-லோ லெவலில் நின்றது: 23:42-க்கும் 02:31-க்கும். அதற்கு முன்னும் நடுவிலும் லூப் ஆட்டோவிலிருந்து தானாக மேனுவலுக்கு மூன்று முறை விழுந்தது. காரணம் LT-101A மேனிஃபோல்டில் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வு, மூடியிருந்தும் உள்ளுக்குள் பாஸ் ஆவது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம் அதிகமாகப் பிடித்தது. எங்கே தவறாகப் போனேன் என்பதையும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்த முறை யாரும் அந்த வழியில் போகக் கூடாது.

22:48-இல் LIC-101 முதல் முறை மேனுவலுக்கு விழுந்தது. பேனல் ஆபரேட்டர் அலாரத்தை ஏற்று ஆட்டோவில் போட்டார். 23:14-இல் மறுபடியும். அப்போதும் அதேதான். எனக்குப் போன் வந்தபோது நான் ஏர் ஹீட்டர் டேம்பர் வேலையில் இருந்தேன். "டிரான்ஸ்மிட்டர்களுக்குள் வித்தியாசம் என்று அலாரம் வருகிறது, லெவல் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். திரையில் லெவல் உண்மையிலேயே சரியாக இருந்தது. செலக்டர் 101A-யில் இருந்தது, 101A 0 மி.மீ.-இல் கோடு போட்டது போல நின்றது. B, C இரண்டும் −60 அருகே. நான் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அப்போதே போயிருக்க வேண்டும்.

23:40-இல் நீராவித் தேவை 31 டன்னிலிருந்து 22 டன்னுக்குச் சட்டென்று இறங்கியது. டிரம்மில் அழுத்தம் ஏறி, தண்ணீருக்குள் இருந்த நீராவிக் குமிழ்கள் சுருங்க, லெவல் விழுந்தது. இரண்டே நிமிடத்தில் B-யும் C-யும் −200-ஐத் தாண்டின, பர்னர் நின்றது. லோடு குறைந்ததால் வந்த சுருக்கம், கன்ட்ரோலர் வேகமாக ஓடி ஃபீட் வால்வை மூடிவிட்டது என்று நினைத்தேன். ஃபீட் வால்வு FCV-103-ஐ 0, 25, 50, 75, 100 சதவீதம் என ஓட்டிப் பார்த்தேன், பொசிஷனர் சரி. ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர்கள் FT-102, FT-103 ஜீரோ இரண்டும் சரி. 101A-யும் ஜீரோ செக் செய்தேன், அதுவும் சரி. கடைசியில் LIC-101 கெயினை 1.2-லிருந்து 0.9-க்குக் குறைத்தேன். அது தவறான முடிவு. 03:40-இல் மறுபடியும் 1.2-க்கே கொண்டுவந்துவிட்டேன். நீங்களும் ஒரு முறை திரையில் 1.2 இருக்கிறதா என்று பாருங்கள்.

சுருக்கம் நடந்தது உண்மைதான். ஆனால் டிரம் ஏற்கெனவே −95-இல் இருந்தது. 0-இல் இருந்திருந்தால் அதே சுருக்கத்துக்கு −105 வரை போய்த் திரும்பியிருக்கும், லோ அலாரத்தோடு முடிந்திருக்கும். இதை நான் அப்போது டிரெண்டில் தேடவில்லை.

00:50-இல் பாய்லரை மறுபடி ஏற்றினார்கள். அந்த நேரத்தில் மூன்று டிரான்ஸ்மிட்டரும் 10 மி.மீ.-க்குள் ஒத்துப்போனதால் நானும் நம்பிவிட்டேன். ஜீரோ செக்குக்காக வால்வைத் திறந்து மூடியபோது சீட் சற்று நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். 01:30-இல் வித்தியாசம் 35. 02:05-இல் 60, லூப் மேனுவலுக்கு விழுந்தது, பேனலில் திரும்ப ஆட்டோ. 02:31-இல் டிரிப். இந்த முறை லோடு 30 டன்னில் அசையாமல் இருந்தது. சுருக்கம் என்று சொல்ல இடமே இல்லை.

அப்போதுதான் மூன்று லெவலையும் ஒரே டிரெண்டில், 18:00 முதல், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். 101A எப்போதும் 0-இல். B, C இரண்டும் கையோடு கை கோத்தது போல மெதுவாக இறங்குகின்றன. பார்த்தவுடன் புரிந்தது. கன்ட்ரோல் எந்த டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அது பொய் சொன்னாலும் திரையில் சரியாகத்தான் தெரியும், லூப் அதை 0-இல் வைத்துவிடும். உண்மையான தண்ணீர்தான் இறங்கும். ஃபீல்டில் டிரம்மின் கேஜ் கிளாஸைப் பார்த்த ஆபரேட்டரும் தண்ணீர் அடிப்பக்கம் இருக்கிறது என்றார். கிளாஸில் உள்ள தண்ணீர் டிரம்மைவிடக் குளிர்ந்தது, அதனால் கொஞ்சம் குறைவாகவே காட்டும், ஆனால் அவ்வளவு குறைவாக அல்ல.

101A-க்குப் போனேன். வெளியே கசிவு இல்லை, ஃபிட்டிங், டிரெய்ன், வென்ட் எல்லாம் காய்ந்திருந்தன. வெப்பமானியை வைத்தேன். மேனிஃபோல்டுக்கு மேலே வெட் லெக், அதாவது எப்போதும் தண்ணீர் நிரம்பி நிற்க வேண்டிய இம்பல்ஸ் லைன், 101A-யில் 68 °C, B-யில் 41, C-யில் 40. இம்பல்ஸ் லைனில் தண்ணீர் நகரக் கூடாது, நகராத லைன் அந்த உயரத்தில் சூடாகாது. சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். ஷிப்ட் இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு, பைபாஸ் போட்டு, 101A-யின் இரண்டு ஐசொலேஷன் வால்வையும் மூடினேன். ஈக்வலைசிங் ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. உள்ளே பிடிபட்ட வித்தியாச அழுத்தம் அப்படியே நிற்க வேண்டும். 40 வினாடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, லெவல் +300-க்கு ஏறி நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நடந்தது இதுதான்: வெட் லெக் தண்ணீர் ஈக்வலைசிங் வழியாகத் தண்ணீர்ப் பக்கத்துக்குப் போகிறது. மேலே உள்ள கண்டென்சேட் பாட் என்ற சட்டியில் நீராவி குளிர்ந்து நிரப்பும் வேகம் போதவில்லை. வெட் லெக் உயரம் குறையக் குறைய லெவல் அதிகமாகக் காட்டும். நம் டிரம் 44 கிலோ அழுத்தத்தில் சுமார் 256 °C-இல் இருக்கிறது, அந்தத் தண்ணீர் வெட் லெக் தண்ணீரைவிட நிறைய லேசானது. அதனால் வெட் லெக்கில் 100 மி.மீ. போனால் திரையில் கிட்டத்தட்ட 125 மி.மீ. கூடும். கன்ட்ரோலர் தண்ணீர் அதிகம் என்று நினைத்து ஃபீடைக் குறைக்கும். டிரான்ஸ்மிட்டர் மேல் தவறே இல்லை, அதை மாற்ற வேண்டாம்.

மாலை 17:30-இல் 101A-க்கு வாராந்திர ஜீரோ செக் நடந்ததாக லாக்கில் இருக்கிறது. டிரெண்டில் வித்தியாசம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வால்வு சீட்டில் துருவோ தூசோ மாட்டியிருக்கலாம். செய்தவர் மேல் குறை சொல்ல எழுதவில்லை, நான் செய்தபோதும் எனக்குத் தெரியவில்லை.

டிரம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு டிரிப்பிலும் B, C அதிகபட்சம் −215 வரைதான் போயின, கேஜ் கிளாஸில் தண்ணீர் கடைசி வரை தெரிந்தது. தண்ணீர் தெரியாத நிலையில் ஃபீட் போடப்படவில்லை. இது பாய்லர் லாக்கிலும் எழுதப்பட்டிருக்கிறது.

03:25-இல் செலக்டரை B-க்கு மாற்றினோம். 04:35-க்கு லோடு 31 டன். அதற்குப் பிறகு B-க்கும் C-க்கும் வித்தியாசம் 6 மி.மீ.-ஐத் தாண்டவில்லை, லூப் ஒரு முறைகூட மேனுவலுக்கு விழவில்லை. கேஜ் கிளாஸைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து வாக்கி-டாக்கியில் சொல்ல ஆள் நிறுத்தியிருக்கிறோம். 101A திரும்பும் வரை அவரை எடுக்க விடாதீர்கள்.

இனி உங்கள் வேலை. 101A மேனிஃபோல்டு மாற்ற வேண்டும். அதே மாடல் மூன்று வால்வு மேனிஃபோல்டு ஒன்று ஸ்டோர் ரேக்கில் இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். டிரம் பக்க ரூட் வால்வுகள் இரண்டு ஜோடியையும் மூடி, பெர்மிட் எடுத்து, டிரெய்ன் திறந்து அழுத்தம் போனதை உறுதி செய்த பிறகே கழற்றுங்கள். லைன் 68 °C-இல் இருந்தது, பாட் பக்கம் அதைவிட நிறைய சூடு, ஆற விடுங்கள். புதிது போட்டதும் வெட் லெக்கை ஃபில் பிளக் வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், நீராவியே நிரப்பட்டும் என்று விட வேண்டாம். சர்வீஸில் எடுக்கும்போது இரண்டு ஐசொலேஷனும் திறந்திருக்கையில் ஈக்வலைசிங்கைத் தொடக் கூடாது, தொட்டால் நிரப்பிய வெட் லெக் காலியாகிவிடும்.

பிறகு நான் செய்த அதே 40 வினாடி சோதனையைச் செய்யுங்கள், ஆனால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். மூன்று டிரான்ஸ்மிட்டரும் ஒத்துப்போன பிறகு பைபாஸ் சாவியை எடுங்கள். 15:30-க்குள் முடியாவிட்டால் முன்கூட்டியே இன்சார்ஜிடம் சொல்லி நீட்டிப்பு வாங்குங்கள், காலாவதியாக விட வேண்டாம். செலக்டர் மட்டும் இன்று முழுவதும் B-யிலேயே இருக்கட்டும். இந்தக் கோளாறு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் தலைகாட்டுகிறது.

அப்புறம், கன்ட்ரோல் இன்ஜினியரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டிய ஒன்று. வித்தியாசம் 60 மி.மீ.-ஐத் தாண்டும் அந்த ஒரு நொடியில்தான் லூப் மேனுவலுக்கு விழுகிறது. அலாரத்தை ஏற்று ஆட்டோவில் போட்டுவிட்டால், வித்தியாசம் 95 ஆனாலும் மறுபடி எச்சரிக்காது. இரவு மூன்று முறையும் இப்படித்தான் நடந்தது. வித்தியாசம் இருக்கும் வரை ஆட்டோவுக்கே விடாமல் இருக்க வேண்டும், அல்லது செலக்டர் மூன்றின் நடு அளவைத் தானாக எடுக்க வேண்டும். நடு அளவு எடுத்திருந்தால் 101A என்ன சொன்னாலும் டிரம் 0-இல் இருந்திருக்கும், இரண்டு டிரிப்பும் வந்திருக்காது. டிரெண்டை 18:00 முதல் 05:30 வரை சேமித்து பேனல் கம்ப்யூட்டரில் LIC101_NIGHT என்ற பெயரில் வைத்திருக்கிறேன், அவருக்கு அதையே காட்டுங்கள்.

ஏர் ஹீட்டர் டேம்பர் வேலை பாதியில் நிற்கிறது, லிங்க் பின் மட்டும் மாற்ற வேண்டும், அவசரம் இல்லை. நான் 06:30 வரை கன்ட்ரோல் ரூமில் இருப்பேன், 101A-க்கு ஒன்றாகப் போய்க் காட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.