மார்கழி வைகறைத் தொடர்: நம் குழுவுக்கான திட்டம்

பாசுரக் குழு அன்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மார்கழி முதல் நாள் டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. இந்த முறை மாதத்துக்கு 30 நாள், ஜனவரி 14 அன்று முடிகிறது. போன மார்கழிக்கு 29 நாள்தான் என்பதால் கடைசி நாளில் 'சிற்றஞ்சிறுகாலே', 'வங்கக்கடல்' இரண்டையும் சேர்த்துப் பாடவேண்டியிருந்தது. இந்தத் தடவை அந்த நெருக்கடி இல்லை. திருப்பாவை 30 பாசுரமும் நாளுக்கு ஒன்றாக, வரிசைப்படியே வரட்டும்.

பிடித்த பாசுரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம் என்றே சொல்கிறேன். இரண்டாம் பாசுரத்தில் 'நெய்யுண்ணோம் பாலுண்ணோம்', 'மையிட்டு எழுதோம் மலரிட்டு நாம் முடியோம்' என்று அந்தப் பெண்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அதெல்லாம் 27ஆம் பாசுரத்தில்தான் திரும்பி வருகிறது. சூடகம், தோள்வளை, தோடு என்று பூட்டிக்கொண்டு, 'மூட நெய் பெய்து முழங்கை வழிவார' எல்லோரும் கூடி உண்கிறார்கள். நடுவில் 25 விடியல்கள் காத்திருந்தவருக்குத்தான் அந்த நெய் மணக்கும். ஒரே நாளில் மூன்று பாசுரம் அனுப்பினாலும் அந்தக் காத்திருப்பு போய்விடும். ஒரு காலைக்கு ஒன்றுதான்.

காலை 4.45க்குக் குரல்பதிவு போகும். கூடவே பாசுரம், சீர் பிரித்து. புதிதாகப் படிப்பவர்கள் தடுக்காமல் வாசிக்க அது அவசியம். பொருள் ஐந்தாறு வரிக்குள் இருக்கட்டும். வியாக்கியானங்களில் எவ்வளவோ இருக்கிறது, எனக்கும் எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த நேரத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கேட்பவர்களுக்குப் பாட்டுதான் முதலில் காதில் விழவேண்டும். வணக்கப் படங்கள், வாழ்த்து அட்டைகள் எதுவும் வேண்டாம்.

யார் எதைப் பாடுவது? முதல் ஐந்தும் பெரிய மாமி. நோன்பின் முறையைச் சொல்லும் பகுதிக்கு அவர் குரலின் நிதானம் பொருந்தும். 6 முதல் 15 வரை தோழிகளை எழுப்பும் பத்துப் பாசுரங்கள், வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிடுவது. அதனால் பத்துக்கும் பத்துக் குரல் வேண்டும், அதிலும் சின்னப் பெண்கள் பாடினால் நல்லது. ஏழாவதைப் பாடுகிறவர், ஆய்ச்சியர் தயிர் கடைகிற 'காசும் பிறப்பும் கலகலப்ப' என்ற இடத்தில் அவசரப்படாதீர்கள். கழுத்து நகைகள் மோதும் சத்தம் அந்தச் சொல்லிலேயே கேட்கிறது.

பதினைந்தாவதுக்கு இரண்டு பேர் கட்டாயம். வெளியே இருப்பவர்கள் 'எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ' என்று கேட்க, உள்ளேயிருந்து 'சில்லென்று அழையேன்மின்' என்று சிடுசிடுப்பாக ஒரு பதில் வருகிறது. அப்புறம் 'வல்லீர்கள் நீங்களே' என்று சொன்ன அதே மூச்சில் 'நானேதான் ஆயிடுக' என்று அவள் இறங்கி வருகிறாளே, அந்தக் கனிவு குரலில் தெரியவேண்டும். அது வருவது டிசம்பர் 30, வைகுண்ட ஏகாதசி. பலர் சொர்க்கவாசலுக்குப் போயிருப்பார்கள். பரவாயில்லை, 4.45க்கே போகட்டும், வந்து கேட்டுக்கொள்வார்கள்.

16 முதல் 24 வரை தம்பிகள் பிரித்துக்கொள்ளுங்கள், 25 முதல் 30 வரை என்னிடம் இருக்கட்டும்.

டிசம்பர் 28 அன்று 'வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று'. இந்த மார்கழியில் வெள்ளி சூரியனை ஒட்டியே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வியாழன் விடியற்காலையில் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். பாட்டைக் கேட்டதும் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ஜனவரி 3 திருவாதிரை. அன்று ஒரு திருவெம்பாவைப் பாட்டும் சேர்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். மாணிக்கவாசகரை ஒரு நாள் விருந்தாளியாகக் கூட்டிவர எனக்கு மனமில்லை. திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, இரண்டும் சேர்ந்தால் சரியாக 30. அடுத்த மார்கழி முழுவதும் அவருக்கே. அண்ணன்தான் அதை முன்நின்று நடத்தவேண்டும்.

கூடாரவல்லி ஜனவரி 11, நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும் பதிவு கிடையாது. எல்லோரும் காலை 5 மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், 27ஐச் சேர்ந்தே பாடுவோம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதை அங்கேயே பதிவு செய்து உடனே அனுப்பிவிடுவேன். அக்காரவடிசல் சின்ன மாமியின் பொறுப்பு, நெய் நான் வாங்கி வைக்கிறேன்.

பதிவுகள் டிசம்பர் 10க்குள் என்னிடம் வந்துவிட்டால், வார்த்தை விட்டுப்போனதைத் திருத்தித் திரும்பப் பாட நேரம் இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதினைந்தாவதுக்கு வரும் இரண்டு பேர் யார் என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.