புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: பேக் ஆபீஸ் சொற்கள், ஒரே தாளில்

கோவைக் கிளை, செயல்பாட்டுப் பிரிவு. ஜூன் மாதம் சேர்ந்த ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீலர் அறையில் ஒரு ஆர்டர் நிறைவேறியதும் அவர்கள் வேலை முடிந்துவிடும், நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கும். யார் யாருக்கு என்ன தர வேண்டும், எந்த நாளுக்குள் தர வேண்டும் என்பதே இங்கே எப்போதும் கேள்வி. அதனால் சொற்களை அகர வரிசையில் அடுக்காமல், ஒரு வியாபாரம் நகரும் வரிசையில் எழுதியிருக்கிறேன்.

யுசிசி: வாடிக்கையாளரின் தனிக் குறியீடு. பான் எண்ணோடு சேர்த்து எக்ஸ்சேஞ்சில் பதிவாகியிருக்கும். டீலர் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் வியாபாரம் வேறொருவர் கணக்கில் விழுந்துவிடும். அதைத் திருத்துவதற்குப் பெயர் கோட் மாடிஃபிகேஷன். எக்ஸ்சேஞ்ச் இதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும், அபராதமும் உண்டு. யார் கேட்டாலும் நீங்களாகச் செய்ய வேண்டாம், என்னிடம் வாருங்கள்.

ISIN: பங்கின் 12 எழுத்து அடையாளம். இந்தியக் கம்பெனிப் பங்குகள் `INE` என்றும், மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்கள் `INF` என்றும் தொடங்கும். கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள், ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய இருக்கின்றன.

EQ, BE: திரையில் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் தெரிவது. `EQ` சாதாரணப் பங்கு. `BE` என்றால் டிரேட் டு டிரேட்: வாங்கியதை எடுத்தே ஆக வேண்டும், விற்றதைக் கொடுத்தே ஆக வேண்டும், அன்றே வாங்கி அன்றே விற்றுக் கணக்கு முடிக்க முடியாது.

கான்ட்ராக்ட் நோட்: அன்றைய வியாபாரத்தின் சட்டப்பூர்வ ரசீது. 24 மணி நேரத்துக்குள் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டும். மின்னஞ்சல் திரும்பி வந்தால் அந்தப் பட்டியலை அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அதில் இருக்கும் பிடித்தங்களைப் பற்றித்தான் அதிகமாகத் தொலைபேசி வரும். ஒருவர் 500 ரூபாய் விலையில் 100 பங்கு டெலிவரிக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 50,000. எஸ்டிடி எனும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 50 ரூபாய். இது வாங்கினாலும் உண்டு, விற்றாலும் உண்டு. முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 7.50 ரூபாய், வாங்குபவருக்கு மட்டும். செபி கட்டணம் கோடிக்குப் பத்து ரூபாய், இங்கே வெறும் 5 பைசா. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றதும் பலர் மொத்தத் தொகைக்கும் சேர்த்து என்று பதறுவார்கள். தரகு, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் போன்றவற்றுக்கு மட்டும்தான், பங்கின் விலைக்கு இல்லை. பொறுமையாகச் சொல்லுங்கள்.

டி+1: டி என்பது வியாபாரம் நடந்த நாள். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் அடுத்த வேலை நாளிலேயே பணமும் பங்கும் கைமாறிவிடுகின்றன. அதற்கு முன்னால் டி+2. பழைய ஆட்கள் இன்னும் 'மூணாம் நாள் வரும்' என்று வாய்தவறிச் சொல்வார்கள், நம்பிவிடாதீர்கள்.

பே-இன், பே-அவுட்: வியாபாரங்களை நடுவில் நின்று தீர்க்கும் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு நாம் கொடுப்பது பே-இன், அங்கிருந்து வருவது பே-அவுட். இரண்டும் பணத்துக்கும் உண்டு, பங்குக்கும் உண்டு. பே-அவுட் பங்குகள் முன்பு நம் கணக்கு வழியாக வாடிக்கையாளருக்குப் போகும். 2025 முதல் நேராக அவருடைய டிமேட்டுக்கே போகின்றன.

டிமேட் எண்: 16 இடங்கள். `IN` என்று தொடங்கினால் என்எஸ்டிஎல், முழுக்க எண்களாக இருந்தால் சிடிஎஸ்எல். டிமேட் கணக்குகளை வைத்திருக்கும் இரண்டு டெபாசிட்டரிகள் இவை.

டிடிபிஐ: விற்ற பங்கை வாடிக்கையாளரின் டிமேட்டிலிருந்து பே-இன்னுக்கு எடுக்கவும், மார்ஜினுக்கு அடகு வைக்கவும் அவர் நமக்குத் தரும் அனுமதி. பழைய பவர் ஆஃப் அட்டர்னியின் இடத்தில் வந்தது, அதைவிட எல்லை குறுகியது. இதைத் தராதவர் விற்கும்போதெல்லாம் தானே ஒப்புதல் தர வேண்டும். அதை மறந்துவிட்டால் அடுத்த சொல்லில் போய் நிற்போம்.

ஷார்ட் டெலிவரி: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். திங்கட்கிழமை ஒருவர் 200 பங்கு விற்கிறார். செவ்வாய்க்கிழமை பே-இன் நேரத்தில் அவருடைய டிமேட்டில் 150தான் இருக்கிறது. குறையும் 50 பங்கைக் கிளியரிங் கார்ப்பரேஷன் அன்றே ஏலத்தில் வாங்கும். இதுதான் ஆக்ஷன். வாங்கியவருக்கு அந்த 50 புதன்கிழமைதான் வரும். கூடுதல் விலையும் அபராதமும் விற்றவர் தலையில் விழும்.

ஏலத்திலும் பங்கு கிடைக்கவில்லை என்றால் குளோஸ்-அவுட்: பங்குக்குப் பதில் பணம். வியாபார நாள் முதல் ஏல நாள் வரை இருந்த உச்ச விலை ஒன்று, ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம் இன்னொன்று. இவற்றில் எது அதிகமோ அது. விற்றவருக்கு வலிக்கும்.

சில சமயம் விற்றவரும் வாங்கியவரும் நம் வாடிக்கையாளர்களாகவே இருப்பார்கள். எக்ஸ்சேஞ்ச் பார்வையில் நமக்குள் கணக்கு நேராகிவிடுவதால் அங்கிருந்து எச்சரிக்கை எதுவும் வராது. இது இன்டர்னல் ஷார்ட்டேஜ். நாமேதான் கண்டுபிடித்து, கிளியரிங் கார்ப்பரேஷன் சொல்லும் ஏல முறைப்படி தீர்க்க வேண்டும். தினமும் காலையில் முதலில் திறக்கும் ரிப்போர்ட் இதுவாக இருக்கட்டும்.

பிடிஎஸ்டி: இன்று வாங்கி, பங்கு கைக்கு வருமுன் நாளை விற்பது. அவருக்கு விற்றவர் பங்கு தராவிட்டால் இவரும் ஷார்ட் ஆகிவிடுவார். 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று கேட்பார், நியாயமான கேள்விதான். ஆனாலும் அபராதம் அவருக்குத்தான்.

மார்ஜின்: வியாபாரத்துக்கு முன்பணம். பங்குச் சந்தையில் வழக்கமான விலை அபாயத்துக்கு வார், அதையும் மீறிய இழப்புக்கு ஈஎல்எம் என்று இரண்டு பகுதி, எஃப்&ஓவில் ஸ்பான், எக்ஸ்போஷர். பகலில் எந்த நேரத்தில் எடுத்துப் பார்த்தாலும் போதுமானதாக இருக்க வேண்டும் என்பது பீக் மார்ஜின்.

பிளெட்ஜ், ஹேர்கட்: 2020 செப்டம்பர் முதல் மார்ஜினுக்காகப் பங்கை நம் கணக்குக்கு மாற்ற முடியாது. அவருடைய டிமேட்டிலேயே இருக்க, மேலே அடகுக் குறி விழும். ஒரு லட்சம் ரூபாய்ப் பங்குக்கு ஹேர்கட் 20 சதவீதம் என்றால் 80,000தான் மார்ஜினாகும். நகைக்கடன் போலத்தான்.

ரெக்கார்ட் தேதி, எக்ஸ்-தேதி: டிவிடெண்ட் யாருக்கு என்று கம்பெனி பட்டியல் பார்க்கும் நாள் ரெக்கார்ட் தேதி. உரிமை கழன்ற விலையில் பங்கு விற்கத் தொடங்கும் நாள் எக்ஸ்-தேதி. டி+1 வந்த பிறகு இரண்டும் பொதுவாக ஒரே நாள். வியாழன் எக்ஸ்-தேதி என்றால் புதன்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும். வியாழன் வாங்கியவருக்குக் கிடையாது, வியாழன் விற்றவருக்கு உண்டு. இதை மாற்றிச் சொல்லி நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போனஸ், ஸ்ப்ளிட்: இரண்டிலும் எண்ணிக்கை கூடி விலை குறையும். 'பங்கு பாதியாகச் சரிந்துவிட்டதே' என்று அன்று காலை போன் அடித்துக்கொண்டே இருக்கும். நமக்கு முக்கியமான வித்தியாசம்: ஸ்ப்ளிட்டில் முகமதிப்பு மாறுவதால் ISIN புதிதாகும், போனஸில் ஆகாது. பழைய ISIN-இல் பங்கைத் தேடிவிட்டு 'காணோம்' என்று எழுதி அனுப்பாதீர்கள்.

ரன்னிங் அக்கவுன்ட் செட்டில்மென்ட்: நம்மிடம் சும்மா கிடக்கும் வாடிக்கையாளர் பணத்தை, அவர் விருப்பப்படி மாதம் ஒரு முறையோ காலாண்டுக்கு ஒரு முறையோ வங்கிக்குத் திருப்புவது. அந்த வாரம் யாரும் லீவு கேட்க வேண்டாம்.

செட்டில்மென்ட் ஹாலிடே: சந்தை திறந்திருக்கும், வங்கி மூடியிருக்கும். ஏப்ரல் 1 நல்ல உதாரணம், வங்கிகளுக்கு அன்று ஆண்டுக் கணக்கு முடிப்பு. முந்தைய நாள் வியாபாரமும் அன்றைய வியாபாரமும் அடுத்த வேலை நாளில் சேர்ந்து தீரும். அன்று மட்டும் இரண்டு பே-இன் கோப்புகள். தனித்தனி செட்டில்மென்ட் எண்ணில் ஏற்றுங்கள், ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.