தாவர செல்: படத்தின் பாகங்களும் அவற்றின் பணிகளும் (மாதிரி விடை)

ஒன்பதாம் வகுப்பு, அறிவியல், திருப்புதல் தேர்வு, காரைக்குடி.

வினா: படத்தில் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டுள்ள பாகங்களின் பெயர்களைக் குறித்து, ஒவ்வொன்றின் பணியையும் எழுதுக.

விடை: செவ்வக வடிவச் செல்லின் வெளிப்புறத் தடித்த கோடு (1) செல் சுவர் ஆகும். செல்லுலோஸால் ஆன இது செல்லுக்கு வடிவமும் உறுதியும் தருகிறது. அதன் உட்புறம் ஒட்டியுள்ள மெல்லிய கோடு (2) செல் சவ்வு. இது தேர்வு கடத்துத் திறன் கொண்டிருப்பதால், உள்ளே வருவனவற்றையும் வெளியேறுவனவற்றையும் கட்டுப்படுத்துகிறது. இவ்விரு கோடுகளும் மிக நெருக்கமாக இருப்பதால், குறிக்கும் கோட்டின் முனை எதைத் தொடுகிறது என்பதைப் பார்த்தே மதிப்பெண் வழங்கப்படும். (3) சைட்டோபிளாசம் நுண்ணுறுப்புகளைத் தாங்கும் கூழ்மப் பகுதி. பல வேதிவினைகள் இதில் நடைபெறுகின்றன.

நடுவில் பெரும்பகுதியை அடைத்திருப்பது (4) மைய நுண்குமிழி. முதிர்ந்த செல்லில் இது 80 முதல் 90 விழுக்காடு வரை இடம்பிடிக்கக்கூடும் என்பதால், உட்கரு ஓரத்திற்குத் தள்ளப்பட்டுக் காணப்படுகிறது. நீர், சர்க்கரை, உப்புகள், கழிவுகள் ஆகியவற்றைச் சேமிப்பதோடு, செல் சுவரின் மீது உள்ளிருந்து அழுத்தம் கொடுத்துச் செல்லை விறைப்பாகவும் வைத்திருக்கிறது. செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் நண்பகலில் துவண்டு கிடக்கும் கத்தரிச்செடி, மாலையில் நீர் ஊற்றியபின் நிமிர்வது இந்த அழுத்தம் மீள்வதாலேயே. 'சேமிக்கிறது' என்று மட்டும் எழுதுவது பாதி விடைதான்.

(5) உட்கரு, மரபுப் பொருளான டி.என்.ஏ.வைக் கொண்டு செல்லின் செயல்களைக் கட்டுப்படுத்துகிறது. அதனுள் அடர்நிறத்தில் தெரியும் (6) நியூக்ளியோலஸில் ரைபோசோமின் துணை அலகுகள் உருவாகின்றன. (7) எண்டோபிளாச வலைப்பின்னல் புரதங்களையும் கொழுப்புகளையும் உருவாக்கவும் கடத்தவும் உதவுகிறது. அதன் மேல் புள்ளிகளாக உள்ள (8) ரைபோசோம்கள் புரதத்தைத் தயாரிக்கின்றன. (9) கோல்கை உறுப்பு அப்புரதங்களை மாற்றியமைத்து, பிரித்து, உரிய இடத்திற்கு அனுப்புகிறது.

(10) மைட்டோகாண்ட்ரியா, செல் சுவாசத்தின் மூலம் உணவிலிருந்து ஆற்றலை வெளிப்படுத்தி ஏ.டி.பி. வடிவில் அளிக்கிறது. (11) பசுங்கணிகம், பச்சையத்தின் துணையால் ஒளியாற்றலை ஈர்த்து, நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு சர்க்கரையைத் தயாரிக்கிறது. இவ்விரண்டுமே இரட்டைச் சவ்வு உடையவை. அடுக்கடுக்கான கிரானாக்கள் தெரிந்தால் பசுங்கணிகம், உட்சவ்வு மடிப்புகள் தெரிந்தால் மைட்டோகாண்ட்ரியா எனக் கொள்ள வேண்டும்.

ஆய்வகத்தில் பார்த்த வெங்காயத் தோலில் பசுங்கணிகம் இல்லையே என்று சிலர் 11-ஐ விட்டுவிடுகின்றனர். மண்ணுக்குள் வளரும் வெங்காயத்தின் உட்தோலில் அது இராது. வினாவிலுள்ள படமோ இலைச் செல்லினுடையது. ஊருணியில் கிடைக்கும் ஹைட்ரில்லா இலையை நுண்ணோக்கியில் வைத்தால், சைட்டோபிளாச ஓட்டத்தோடு பசுங்கணிகங்கள் நகர்வதையே காணலாம். விலங்கு செல் படத்தை நினைவில் வைத்துச் சென்ட்ரியோலைக் குறிப்பது தவறு. உயர்தாவரச் செல்களில் அது இல்லை.