இன்றைய கேள்வி: காணாமல் போன கடை

வணக்கம்.

புதன் இரவு 9 மணி. பட்டியலிலிருந்து இன்று வந்து விழுந்த கேள்வி இது:

நீங்கள் வளர்ந்த தெருவில் அப்போது இருந்து, இப்போது இல்லாமல் போன ஒரு கடை எது?

பெயர்ப்பலகை ஞாபகம் இல்லையென்றாலும் பரவாயில்லை. கல்லாவில் யார் உட்கார்ந்திருப்பார்? கடன் சொன்னால் அவர் முகம் எப்படிப் போகும்? உள்ளே நுழைந்ததும் வந்த வாசனை மண்ணெண்ணெயா, காப்பித்தூளா? அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? (செல்போன் கடைதானே?)

நாலு வரி போதும். இந்த மெயிலுக்கே பதில் அனுப்புங்கள். தேதியோடு உங்கள் குறிப்பேட்டில் சேர்ந்துவிடும். எழுத மனமில்லையா, சரி, விட்டுவிடுங்கள். நினைவூட்டல் எதுவும் வராது. நாளை வேறு கேள்வி. பட்டியல் தீரும்வரை இது திரும்ப வராது.

தானாக அனுப்பப்படும் மெயில் இது. நிறுத்த வேண்டுமானால் பதிலில் 'நிறுத்து' என்று மட்டும் எழுதுங்கள்.