லேப்டாப் ஸ்டாண்ட் வீடியோ: 20 விநாடி ஸ்கிரிப்ட், ஷூட்டிங் குறிப்போடு

பொருள்: மடிக்கும் அலுமினிய லேப்டாப் ஸ்டாண்ட், சாம்பல் நிறம், 240 கிராம். செங்குத்து வீடியோ, 9:16. பின்னணி இசை வேண்டாம்.

எடுப்பதற்கு முன் ஒன்று. திரும்பி வந்த பெட்டிகளோடு வந்த காரணங்களைப் படித்தேன், பெரும்பாலும் நாலே புகார்தான்: "படத்தில் பெரிதாகத் தெரிந்தது", "என் லேப்டாப் உட்காரவில்லை", "டைப் அடித்தால் ஆடுகிறது", "ரப்பர் வரவில்லை". ரப்பர் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் பொருளைப் புகழ இதில் ஒரு விநாடிகூட இல்லை.

0 – 6 விநாடி, அளவு

காட்சி: வெறும் மேஜை, கேமரா நேர் மேலே. ஒரு ஏ4 தாள், அதன் மேல் மடித்த ஸ்டாண்ட், தாளின் நீளப் பக்கத்தோடு ஒட்டி. மூன்றாவது விநாடியில் பக்கத்தில் டேப் வருகிறது, பூஜ்யம் இருக்கும் முனை கட்டாயம் தெரிய வேண்டும்.

குரல்: "மடித்தால் இருபத்தைந்து சென்டிமீட்டர், ஏ4 தாளைவிடக் குட்டை."

திரையில்: மடித்தால் 25 × 4.5 × 2 செ.மீ.

இந்த ஷாட்டை மட்டும் அவசரப்படாமல் எடுங்கள். போன தடவை கையில் பிடித்து கேமராவை நோக்கி நீட்டியதில்தான் ஸ்டாண்ட் முழங்கை நீளத்துக்குத் தெரிந்தது, லென்ஸுக்குப் பக்கத்தில் போனால் எதுவும் பெரிதாகத்தான் தெரியும். போனைக் கொஞ்சம் தூக்கி வைத்து இரண்டு மடங்கு ஜூம் போடுங்கள், வைட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். டேப்பும் ஸ்டாண்டும் ஒரே மட்டத்தில் கிடக்கட்டும். உள்ளங்கையை அளவுக்குக் காட்டலாமே என்று கேட்பீர்கள், கை ஆளுக்கு ஆள் மாறும், ஏ4 தாள் எங்கேயும் 29.7 செ.மீ. நீளம்தான்.

6 – 9 விநாடி, எதற்குப் பொருந்தும்

காட்சி: விரித்த ஸ்டாண்டின் மேல் 15.6 இன்ச் லேப்டாப், முன்பக்கத்திலிருந்து. அசையாத ஷாட்.

குரல்: "பதினேழு இன்ச் லேப்டாப்புக்கு இது வேண்டாம்."

திரையில்: 11 முதல் 15.6 இன்ச் வரை. 17 இன்ச்சுக்கு வேண்டாம்.

"வேண்டாம்" என்ற வார்த்தையை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். அதைப் பார்த்து வாங்காமல் போகிறவர் போகட்டும், வாங்கித் திருப்பி அனுப்பினால் போக வர இரண்டு கூரியர் செலவும் நம் தலையில்தான். 15.6 என்பதைக் குரலில் சொல்லப் போனால் இரண்டு விநாடி ஓடிவிடும், எழுத்தில் இருந்தால் போதும்.

9 – 14 விநாடி, பயன்படுத்துவது

காட்சி: ஒரே டேக், வெட்டு இல்லாமல், வேகமும் கூட்டாமல். மடித்த ஸ்டாண்டைக் கை விரிக்கிறது, நடுக்கம்பியை மூன்றாவது பள்ளத்தில் மாட்டுகிறது, லேப்டாப் மேலே வருகிறது, இரண்டு விரல் கீபோர்டைத் தட்டுகிறது, திரை லேசாக ஆடுவது தெரிகிறது.

குரல்: "விரித்து, பள்ளத்தில் மாட்டி, லேப்டாப்பை வையுங்கள். அதன்மேல் டைப் அடித்தால் கொஞ்சம் ஆடும்."

திரையில்: 6 உயரம். தனிக் கீபோர்டு இருந்தால் நல்லது.

நடுவில் வெட்டினால் அங்கே ஏதோ ஸ்க்ரூ முடுக்க வேண்டுமோ என்று சந்தேகம் வரும், அதற்குத்தான் ஒரே டேக். ஐந்து விநாடிக்குள் வரவில்லையா, பத்து முறை பழகிவிட்டு எடுங்கள். ஆட்டத்தை மறைக்க லேப்டாப்பை அடியில் பிடித்துக்கொள்ளும் வேலை வேண்டாம், வீட்டுக்குப் போனதும் ஆடத்தான் போகிறது.

14 – 19 விநாடி, பெட்டி

காட்சி: மேலிருந்து. அட்டைப் பெட்டி திறக்கிறது, துணிப்பையிலிருந்து ஸ்டாண்ட் வெளியே வருகிறது, மூடியைத் திருப்பி உள்ளே ஒட்டிய சின்ன கவரை விரல் தொட்டுக் காட்டுகிறது.

குரல்: "உள்ளே ஸ்டாண்ட், துணிப்பை, மூடியில் ஒட்டிய நான்கு ரப்பர். கீபோர்டு வராது."

திரையில்: பெட்டி 27 × 6 × 4 செ.மீ. லேப்டாப், கீபோர்டு இதோடு வராது.

அனுப்பும் அதே பெட்டியாக இருக்கட்டும், ஷூட்டிங்குக்கென்று பளபள பெட்டி தேடாதீர்கள்.

19 – 20 விநாடி

காட்சி: ஸ்டாண்ட், துணிப்பை, ரப்பர் கவர், பெட்டி நான்கும் ஏ4 தாளுக்குப் பக்கத்தில், அசையாமல். குரல் இல்லை. லோகோவும் இங்கே வேண்டாம்.

சத்தத்தை அணைத்து வைத்துப் பார்ப்பவர்கள்தான் அதிகம் என்று வைத்துக்கொண்டு எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், அடி ஓரத்தில் பட்டன்கள் மறைக்கும், அதனால் நடுவுக்குக் கொஞ்சம் மேலே. எடிட் முடிந்ததும் இந்த ஸ்டாண்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் ஒரே ஒரு முறை சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, மடித்த ஸ்டாண்ட் எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு முழத்துக்கு விரித்தால் முதல் ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டும்.