உளுந்தூர்பேட்டை அருகே அரசுப் பேருந்தும் சரக்கு வேனும் மோதி விபத்து: ஒருவர் உயிரிழப்பு, 11 பேர் காயம்

(காலை 9.30 மணி நிலவரம்)

படம்: விபத்து நடந்த இடத்துக்குச் சற்று முன்பாக, போலீசார் வைத்த தடுப்புகளைக் கடந்து சர்வீஸ் ரோட்டில் திரும்பும் வாகனங்கள். காலை 6.50 மணிக்கு எடுத்தது.

சென்னை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை அருகே செவ்வாய்க்கிழமை அதிகாலை 5.20 மணியளவில் அரசுப் பேருந்தும் சரக்கு வேனும் மோதிக்கொண்டன. வேனில் வந்த ஒருவர் உயிரிழந்தார். வேனில் இருந்த மற்ற 2 பேர், பேருந்தில் இருந்த 9 பேர் என 11 பேர் காயமடைந்தனர். பேருந்து சென்னையிலிருந்து திருச்சிக்குச் சென்றுகொண்டிருந்தது. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குச் சென்ற வேனும் அதே திசையில்தான் போனது. பேருந்தில் ஓட்டுநர், நடத்துநர் உள்பட 36 பேர் இருந்தனர்.

காயமடைந்த 11 பேரும் 108 ஆம்புலன்ஸ்கள் மூலம் உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் 3 பேர் மேல்சிகிச்சைக்காக முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுள்ளனர். 5 பேர் முதலுதவி பெற்று வீடு திரும்பினர். மீதி 3 பேர் உளுந்தூர்பேட்டையிலேயே சிகிச்சையில் உள்ளனர். 'பலர் பலி' என்று காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சரியல்ல. போலீசாரும் மருத்துவமனை தரப்பும் உறுதி செய்திருப்பது ஒரே ஒரு உயிரிழப்பைத்தான். மேலே உள்ளதைத் தவிர வேறு எண்ணிக்கை எதையும் பகிர வேண்டாம்.

உயிரிழந்தவரின் பெயரும் ஊரும் இங்கே தரப்படவில்லை. குடும்பத்தாருக்கு இன்னும் முறைப்படி தகவல் போய்ச் சேரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் இப்படியொரு சேதியை யாரோ அனுப்பிய பதிவிலோ, ஸ்டேட்டஸிலோ பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. விபத்து நடந்த உடனேயே அங்கு இருந்த சிலர் எங்களுக்குப் படங்களும் வீடியோக்களும் அனுப்பினார்கள். தகவல் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார்கள். ஆனால் காயமடைந்தவர்களின் முகமும் வாகனப் பதிவெண்ணும் தெரிவதால் அவற்றில் எதையும் வெளியிடவில்லை. உங்கள் போனில் அவை இருந்தால் உளுந்தூர்பேட்டை போலீசாரிடம் கொடுங்கள், விசாரணைக்கு உதவும். குரூப்களில் போடாதீர்கள்.

விபத்து எப்படி நடந்தது என்று போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர். இரு வாகனங்களிலும் வந்தவர்களிடம் வாக்குமூலம் வாங்கப்படுகிறது. சுற்றுவட்டாரத்தில் உள்ள சிசிடிவி பதிவுகளும் கேட்கப்பட்டுள்ளன. வாகனங்களை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தருவார். தவறு யார் மீது என்று பின்னூட்டங்களில் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு ஓட்டுநர்களுக்கும் குடும்பம் உண்டு, அவர்களும் இதைப் படிப்பார்கள்.

போலீசார் வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்துக் கிராமத்தினரும் சாலையோர டீக்கடைக்காரர்களும் ஓடி வந்து உதவினர். பேருந்திலிருந்து இறங்கியவர்களைப் பெஞ்சுகளில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தனர். சிதறிய பைகளையும் செருப்புகளையும் பொறுக்கி ஓரமாக வரிசையாக வைத்திருந்தார்கள். உரியவர்கள் அடையாளம் சொல்லி அவற்றில் பெரும்பாலானவற்றை எடுத்துக்கொண்டனர். மீதி உடைமைகள் போலீசாரிடம் உள்ளன. காயமில்லாத பயணிகள் 6.45 மணிக்கு மாற்றுப் பேருந்தில் அனுப்பிவைக்கப்பட்டனர். அந்தப் பேருந்தில் வந்த உங்கள் வீட்டார் போன் எடுக்கவில்லையென்றால் பதற வேண்டாம். பலருக்கும் போன் கையில் இல்லை, சிலருடையது உடைந்துவிட்டது. உளுந்தூர்பேட்டை, முண்டியம்பாக்கம் மருத்துவமனைகளின் புறக்காவல் நிலையங்களில் நேரில் விசாரிக்கலாம்.

சிகிச்சைச் செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கு ஒரு தகவல். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடையும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. காப்பீட்டு அட்டை இல்லையென்றாலும் கிடைக்கும். காயமடைந்தவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ப்பவரைப் பெயர், முகவரி சொல்லும்படி வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

போக்குவரத்து: திருச்சி நோக்கிச் செல்லும் பாதையில் வாகனங்கள் சர்வீஸ் ரோடு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருந்தன. கிரேன் மூலம் இரு வாகனங்களும் அகற்றப்பட்டு, 8.40 மணிக்கு ஒரு தடம் திறக்கப்பட்டது. மறு தடத்தில் கண்ணாடித் துண்டுகளை அகற்றும் பணி நடக்கிறது. அந்த இடத்தில் மெதுவாகச் செல்லுங்கள், படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். சென்னை நோக்கி வரும் பாதையில் தடையில்லை.

முண்டியம்பாக்கத்தில் உள்ள 3 பேரின் உடல்நிலை குறித்து மருத்துவமனை தெரிவிப்பது, நேரம் குறித்து இதே பதிவில் சேர்க்கப்படும்.