பொருள்: டேட்டாபேஸ் அப்கிரேடு – நவம்பர் 8 சனி இரவு மூடலாமா? (திங்கள் மாலைக்குள் தெரிந்தால் போதும்)

வணக்கம் மேடம்,

போன வியாழன் (அக்டோபர் 23) அனுப்பிய மெயிலைத் தொடர்ந்து எழுதுகிறேன். அதைத் தேடி எடுக்க வேண்டாம், தேவையானது எல்லாம் இதிலேயே இருக்கிறது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். நவம்பர் 8 சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து 1 மணி வரை பில்லிங் சிஸ்டத்தை மூடிக்கொள்ளலாமா? "சரி" அல்லது "வேண்டாம்" என்று ஒரு சொல் வந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு நேரமில்லையென்றால் இதற்குக் கீழே படிக்க வேண்டியதில்லை.

அந்த மெயிலைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டு, முடிவு கேட்கிற வரியைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆடிட் நடக்கிற வாரத்தில் அப்படி ஒரு மெயில் வந்தால் நானும் "அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் ஒதுக்கி வைத்திருப்பேன். அந்த மூன்றில் இரண்டை இதற்குள் நாங்களே முடித்துவிட்டோம். அன்று இரவு என்னோடு இருக்க சப்போர்ட் டீமிலிருந்து ஒருவர் ஒப்புக்கொண்டார். எந்த முறையில் அப்கிரேடு செய்வது என்பதையும் ஒத்திகை பார்த்து முடிவு செய்தாயிற்று.

அந்த முறையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று மணி நேரம் எதற்கு என்று மேலே யாராவது உங்களைக் கேட்கக்கூடும். `pg_upgrade` இரண்டு விதமாக ஓடும். `--link` போட்டால் டேட்டாவை நகல் எடுக்காமல் பழைய ஃபைல்களையே புது வெர்ஷனும் பயன்படுத்தும். ஒத்திகையில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனால் புது சர்வரை ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதை நம்பி மறுபடி ஓட்ட முடியாது. நகல் எடுக்கிற முறைக்கு 52 நிமிடம் பிடித்தது, டிஸ்க்கிலும் இரண்டு மடங்கு இடம் வேண்டும். டேட்டா 180 ஜிபி, காலியாக இருப்பது 400 ஜிபி, அதனால் இடம் ஒரு பிரச்சினை இல்லை. ஏதாவது தப்பாகப் போனாலும் பழைய சர்வர் கை படாமல் அப்படியே இருக்கும். பில்லிங் விஷயத்தில் 50 நிமிடம் மிச்சம் பிடிப்பதைவிட அதுதான் எனக்குத் தூக்கம் தரும்.

அப்கிரேடு முடிந்ததும் ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதிதாக எடுக்க வேண்டும், போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து 17-க்குப் போகும்போது அது கூடவே வராது. எடுக்காமல் திறந்துவிட்டால் ஞாயிறு காலை எல்லா ரிப்போர்ட்டும் நத்தை மாதிரி நகரும். இதற்கு 20 நிமிடம்:

```
vacuumdb --all --analyze-in-stages
```

மிச்ச நேரம் சோதித்துப் பார்க்க. பயனர்களை உள்ளே விடுவதற்கு முன்பே எல்லாம் சரியா என்று பார்த்துவிட வேண்டும். விட்ட பிறகு பழையதற்குத் திரும்பினால் இடையில் போட்ட பில்கள் போய்விடும். 12 மணிக்குள் சோதனை தேறவில்லை என்றால் அப்கிரேடை நிறுத்தி பழையதையே ஓட விட்டுவிடுவோம்.

தேதி பற்றி: போஸ்ட்கிரெஸ் 13-க்குக் கடைசி பேட்ச் நவம்பர் 13 அன்று வருகிறது, அதற்குப் பிறகு பாதுகாப்பு பேட்ச் எதுவும் கிடையாது. மறுநாளே இடிந்து விழுந்துவிடாது, அந்தப் பயமுறுத்தல் எனக்கே பிடிக்காது. ஆனால் 15-ஆம் தேதி சனிக்கிழமை கணக்குப் பிரிவு ஸ்டாக் எடுக்கிறது, சிஸ்டத்தை மூட வேண்டாம் என்று முன்பே கேட்டிருக்கிறார்கள். ஆகவே 8-ஐ விட்டால் அடுத்தது 22.

பயனர்களுக்கு மூன்று வேலை நாள் முன்பே அறிவிப்பு போக வேண்டும், அதை நவம்பர் 4 செவ்வாய் காலை அனுப்ப நினைக்கிறேன். அதனால்தான் திங்கள் மாலை என்றேன். அதற்குள் உங்களுக்கு இதைப் பார்க்க முடியாமல் போனால், நானாக எதையும் மூட மாட்டேன். 22-க்குத் தள்ளி, கேலண்டரில் மாற்றிவிட்டு ஒரு வரி எழுதிவிடுகிறேன். இந்த முடிவை வேறு யாராவது எடுக்கலாம் என்றால் அவர் பெயரை மட்டும் சொல்லுங்கள், அவரிடமே பேசிக்கொள்கிறேன்.

இதற்காகத் தனியாக போன் செய்யவோ சாட்டில் வந்து நிற்கவோ மாட்டேன். திங்கள் காலை மீட்டிங் முடிந்து வரும்போது வாயால் சொன்னாலும் போதும், மெயிலில் நானே பதிந்துவிடுகிறேன்.

நன்றி மேடம்.

டேட்டாபேஸ் நிர்வாகம், பில்லிங் டீம்
அக்டோபர் 29, புதன்